எல்லாவற்றையும் லோவில் போடுவது செட்டிங்ஸ் இல்லை, சோம்பேறித்தனம்: கவுன்டர் ஸ்ட்ரைக் 2 பற்றி

பப்ஜி மொபைல் காலத்திலேயே "ஸ்மூத், எக்ஸ்ட்ரீம்" என்பது நம்ம பசங்களுக்கு மனப்பாடம். கிராஃபிக்ஸை அடியில் வை, ஃப்ரேம் ரேட்டை உச்சியில் வை, அவ்வளவுதான். போனில் அது பெரும்பாலும் சரி. அதே பழக்கத்தோடு கம்ப்யூட்டருக்கு வந்து கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ஐத் திறந்ததும், வீடியோ பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு லோவுக்கு இழுத்துவிடுகிறார்கள். கேட்டால் "எனிமி கிளியரா தெரியும் ப்ரோ" என்று பதில். இந்த கேமில் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் எதிரியைக் காட்டிக்கொடுக்கிற விஷயங்களையே நாம் அணைத்துவிடுகிறோம்.

இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1999-ல் வந்த குவேக் 3-ல் `r_picmip 5` என்று போட்டால் சுவர், தரை எல்லாம் வடிவமில்லாத வெறும் வண்ணமாகக் கரைந்துவிடும். அதன் முன்னால் எதிரி பளிச்சென்று நிற்பான். அங்கே லோ என்பது நிஜமாகவே ஆயுதம். அந்தப் பழக்கம் அப்படியே தலைமுறை தாண்டி வந்துவிட்டது. ஆனால் 2023 செப்டம்பரில் வந்த சிஎஸ்2-வில் வால்வ் அந்தக் கதவுகளில் பெரியதை அடைத்துவிட்டது. ஸ்மோக் கிரனேட்டின் புகை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே வடிவில்தான் தெரியும். எந்த செட்டிங்கைக் குறைத்தாலும் அதில் ஓட்டை விழாது. ஓட்டை வேண்டுமென்றால் எச்.இ. கிரனேட் வீசுங்கள், கொஞ்ச நேரத்துக்கு விலகும்.

அதனால் ஒவ்வொரு ஆப்ஷனையும் இப்படிக் கேட்க வேண்டும்: இது எதிரியை மறைக்கிறதா, காட்டுகிறதா, இல்லை இரண்டும் இல்லாமல் ஃப்ரேமை மட்டும் தின்கிறதா? மறைப்பதையும் தின்பதையும் தயங்காமல் அணையுங்கள். காட்டுவதை அணைக்கும் முன் அது எவ்வளவு ஃப்ரேம் கேட்கிறது என்று அளந்து பாருங்கள்.

முதலில் நிழல். அதிகம் பேர் தப்பு செய்கிற இடம் இதுதான். எதிரி மூலைக்குப் பின்னால் நிற்கிறான், சூரியன் அவன் முதுகுப் பக்கம். ஆள் தெரிவதற்கு முன்பே அவன் நிழல் தரையில் நீண்டு நம் பக்கம் வந்துவிடும். அது இலவசத் தகவல். `Global Shadow Quality`-ஐ லோவில் வைத்தால் நிழல் குறைந்த ரெசல்யூஷனில் வரையப்படும்; ஓரம் மங்கும், துப்பாக்கிக் குழல், கால் மாதிரி மெல்லிய பகுதிகள்தான் முதலில் காணாமல் போகும். மூலையை ஒட்டி ஒருவன் எட்டிப் பார்க்கும்போது முதலில் வெளியே வருவதும் அதே மெல்லிய பகுதிகள்தான்! பக்கத்திலேயே `Dynamic Shadows` என்று இன்னொன்று இருக்கிறது. `Sun Only` என்றால் வெயிலில் விழும் நிழல் மட்டும். `All` என்றால் விளக்கு வெளிச்சத்தில் விழுவதும் சேரும். கட்டடத்துக்குள் நடக்கிற சண்டையில் இந்த இரண்டாவது வகைதான் உதவும். இன்னொரு விஷயம்: உங்கள் கம்ப்யூட்டரில் நிழலை லோ செய்தால் உங்கள் நிழல் எதிரியின் திரையில் குறையாது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

அடுத்தது தூரத்துத் தலைகள். நீண்ட பாதையின் மறுமுனையில் நிற்கிறவனின் தலை, திரையில் பத்துப் பிக்சல் அகலம்கூட இருக்காது. ஆன்டி-அலையாசிங் இல்லாவிட்டால் அந்த ஓரம் படிக்கட்டாக உடையும், அவன் நகரும்போது பெட்டி ஓரமும் சுவர் ஓரமும் சேர்ந்து மினுங்கும். கண்ணுக்கு எது ஆள், எது பெட்டி என்று பிரிக்க நேரம் எடுக்கும். `4x MSAA` அந்த மினுமினுப்பை அடக்கிவிடுகிறது. `8x` அதற்கு மேல் சாதிப்பது குறைவு, கிராஃபிக்ஸ் கார்டிடம் வாங்குவது அதிகம். `CMAA2` மலிவு, ஆனால் படம் வரைந்த பிறகு ஓரங்களைத் தடவிவிடுகிற வேலை என்பதால் சின்ன உருவங்களில் அவ்வளவு துல்லியம் வராது.

இதற்கு நேர் எதிரி எஃப்எஸ்ஆர். `FidelityFX Super Resolution`-ஐ `Performance`-இல் வைத்தால் 1920x1080 திரைக்கு கேம் உள்ளே 960x540-ல்தான் வரைகிறது. பத்துப் பிக்சல் தலை ஐந்து பிக்சலாகச் சுருங்கி, பிறகு இழுத்துப் பெரிதாக்கப்பட்டு நமக்கு வருகிறது. `Quality`-கூட 1280x720-தான். வேறு வழியே இல்லாத பழைய லேப்டாப்பைத் தவிர மற்றவர்கள் இதை `Disabled`-இல் வைப்பதே நல்லது. எல்லாவற்றையும் லோவில் போட்டுவிட்டு இதையும் ஆன் செய்து "எனிமி தெரியமாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களை என்ன சொல்வது!

இனி தயங்காமல் அணைக்க வேண்டியவை. `Ambient Occlusion` என்பது சுவரும் சுவரும் சேரும் மூலை, பெட்டிக்கு அடி மாதிரி இடங்களைக் கூடுதலாக இருட்டாக்கும். அழகுதான். ஆனால் ஆள் ஒளிவதும் அதே மூலைகளில்தான், போதாததற்கு ஃப்ரேமும் செலவு. `Disabled`. `Particle Detail` லோ போதும். `Shader Detail` லோ வைத்தால் ஆட்டத்தில் எதையும் இழக்க மாட்டீர்கள். `Boost Player Contrast` மட்டும் கட்டாயம் `Enabled`: பின்னணியோடு கரைந்து நிற்கிற ஆளின் உருவத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவதற்கென்றே வைத்தது அது. ஏன்ஷியன்ட் மாதிரி பச்சையும் இருட்டும் கலந்த மேப்பில் இதன் அருமை தெரியும். டெக்ஸ்ச்சரைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். கார்டின் வீடியோ மெமரி நிரம்பி வழியாதவரை அது ஃப்ரேமை பெரிதாகத் தொடாது. நிரம்பினால் சராசரி குறைவதைவிட, திடீர் திடீரென்று திக்குவதாகத்தான் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு வரும் கேள்வி, "என் சிஸ்டம் தாங்குமா?" இங்கேதான் முக்கால்வாசிப் பேர் அளக்காமல் முடிவெடுக்கிறார்கள். சிஎஸ்2 ப்ராசஸரை நன்றாக வேலை வாங்குகிற கேம். உங்கள் ஃப்ரேமைப் பிடித்து வைத்திருப்பது ப்ராசஸர் என்றால், கிராஃபிக்ஸைக் குறைத்து ஒரு லாபமும் இல்லை. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அளப்பது சுலபம். ஒர்க்‌ஷாப்பில் `CS2 FPS Benchmark` என்று தேடினால் டஸ்ட் 2-வில் ஓடுகிற ஒரு மேப் கிடைக்கும். அது புகை, நெருப்பு எல்லாம் போட்டுத் தானே ஓடி முடித்து, கன்சோலில் சராசரியை `Avg` என்றும் மோசமான ஒரு சதவீதத்தை `P1` என்றும் காட்டும். ஓட்டுவதற்கு முன் `fps_max 0` கொடுத்து, வி-சிங்க்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரம்பில் முட்டி எல்லா எண்ணும் ஒன்றுபோல வரும்.

ஒரு உதாரணக் கணக்கு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், 1920x1080, எல்லாம் லோ. `Avg` 165, `P1` 62 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இப்போது வேறு எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1280x960 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். பிக்சல் எண்ணிக்கை கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. அப்படியும் 168, 63 என்றே வந்தால் கார்டு தடையே இல்லை, ப்ராசஸர்தான் தடை. அந்த ஆள் 1080-க்குத் திரும்பி, நிழலை ஹை, எம்எஸ்ஏஏ 4x என்று ஏற்றி மறுபடி ஓட்டலாம். 160, 60 என்று வந்தால் சராசரியில் போன அந்த ஐந்து ஃப்ரேம் எதிரியைப் பார்ப்பதற்குக் கொடுத்த விலை. தாராளமாகக் கொடுக்கலாம். நிழல் ப்ராசஸரிடமும் கொஞ்சம் வேலை கேட்கும் என்பதால் `P1` மட்டும் பட்டென்று விழுந்தால் முதலில் `Dynamic Shadows`-ஐ `Sun Only` ஆக்குங்கள், அடுத்து நிழலை மீடியம் ஆக்குங்கள்.

மாறாக, ரெசல்யூஷனைக் குறைத்ததும் 165 என்பது 220-க்குத் தாவினால் கார்டுதான் தடை. அப்போது 8x-ஐ 4x, 4x-ஐ 2x என்று முதலில் எம்எஸ்ஏஏ-வில் கை வையுங்கள். நிழலைக் கடைசியாகத் தொடுங்கள். புகைக்குள் நிற்கும்போது கார்டின் மேல் பாரம் ஏறும். அதனால் வெட்டவெளியில் நின்று மூலையில் இருக்கிற எஃப்பிஎஸ் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

அந்த 62 என்ற `P1`-தான் உண்மையான நோய், அதைக் கவனியுங்கள். 62 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லி செகண்டுக்கு ஒருமுறை புதுப் படம் கேட்கிறது. ஆக, சண்டை சூடான நேரத்தில் ஒரே படம் இரண்டு மூன்று முறை அப்படியே நிற்கிறது, மவுஸ் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இதற்கு மருந்து வீடியோ பக்கத்தில் இல்லை. ஒற்றை ரேம் ஸ்டிக் இருந்தால் ஜோடியாக்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். நிறைய அசெம்பிள் செய்த மெஷின்களில் ரேம் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடுவதே இல்லை. பின்னால் முப்பது டேப்போடு கிடக்கிற பிரவுசரை மூடுங்கள்.

செட்டிங்ஸ் எதிரியைக் காட்டுகிறதா என்பதையும் வாதம் செய்யாமல் பார்த்துவிடலாம். டெவலப்பர் கன்சோலை ஆன் செய்து, பாட்களோடு ஒரு பிராக்டீஸ் மேப்பில் இறங்குங்கள்.

```
sv_cheats 1
bot_stop 1
bot_place
```

`bot_place` நீங்கள் பார்க்கிற இடத்தில் ஒரு பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். வெயில் விழுகிற ஒரு மூலைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நீங்கள் இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். நிழலை லோ, மீடியம், ஹை என்று மாற்றி, தரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு அதே பாட்டை நீண்ட பாதையின் கடைசியில், பெட்டி ஓரமாக நிறுத்தி எம்எஸ்ஏஏ-வையும் எஃப்எஸ்ஆரையும் மாற்றுங்கள். ஒரு கால்மணி நேர வேலை.

4:3 ஸ்ட்ரெச்ட் பற்றி கமென்டில் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். ஆள் அகலமாகத் தெரிவது நிஜம், ஆனால் அதே விகிதத்தில் அவன் திரையில் வேகமாகவும் நகர்வான், பக்கவாட்டுப் பார்வையும் சுமார் 106 டிகிரியிலிருந்து 90-க்குச் சுருங்கும். பழகியவர்கள் ஆடட்டும். ப்ராசஸர் தடையாக இருக்கிற சிஸ்டத்தில் ஃப்ரேமுக்காக அதற்கு மாறுவது மட்டும் வீண்.

டிரைவர் அல்லது கேம் அப்டேட் வந்த உடனே இந்த அளவையெல்லாம் எடுக்காதீர்கள். ஷேடர்களைப் புதிதாகத் தயார் செய்துகொள்வதால் முதல் மேட்ச் எந்த செட்டிங்கிலும் திக்கும். அந்தத் திக்கலைப் பார்த்துப் பயந்து நிழலை அணைத்தவர்கள் நிறைய. ஒரு டெத்மேட்ச் முழுசாக ஆடி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்கள்.