மஞ்சள் ஹார்ட் வந்தால் என்ன அர்த்தம்?

ஹார்ட் எமோஜி சிவப்பு என்றால் காதல், மஞ்சள் என்றால் நட்பு, கறுப்பு என்றால் துக்கம் என்று பட்டியல் போட்டு ஒரு படம் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. அதை நம்பி யாருடைய மனசையும் எடை போடாதீர்கள். எமோஜிகளை வரையறுக்கும் யூனிகோட் அமைப்பு எந்த நிறத்துக்கும் உணர்வு ஒதுக்கவில்லை. அர்த்தம் எல்லாம் பயன்படுத்துகிறவர்கள் கொடுத்தது. இடத்துக்கு இடம் அது மாறும்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். காதல் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று நினைப்பவர்கள் நண்பர்களுக்கு 💛 அனுப்புகிறார்கள். அதே மஞ்சள் நீலத்தோடு சேர்ந்து 💙💛 என்று வந்தால் அது உக்ரைன் கொடி. 2022 ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு இந்த ஜோடிக்கு ஆதரவு என்பதே முதல் அர்த்தம். ஆகவே பக்கத்தில் என்ன நிறம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். ஆறு ஏழு நிறங்கள் வானவில் வரிசையில் நின்றால் அது பெரும்பாலும் பால்புதுமையினருக்கான ஆதரவு. ஊதா மட்டும் வந்தால், அனுப்பியவர் கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் ரசிகரா என்று முதலில் பாருங்கள், அது அந்த ரசிகர்களின் நிறம்.

அதிகக் குழப்பம் ஸ்னாப்சாட்டில்தான். அங்கே நண்பர் பெயருக்குப் பக்கத்தில் வரும் ஹார்ட்டை யாரும் அனுப்புவதில்லை. யாருக்கு அதிகமாக ஸ்னாப் போகிறது என்று கணக்குப் பார்த்து ஆப்பே போடுகிறது. நீங்கள் அவருக்கும் அவர் உங்களுக்கும் முதலிடம் என்றால் மஞ்சள். இரண்டு வாரம் அப்படியே நீடித்தால் சிவப்பு. இரண்டு மாதம் ஆனால் இரட்டை இளஞ்சிவப்பு. நேற்று வரை மஞ்சளாக இருந்தது இன்று சிவப்பானதைப் பார்த்து, "அவன் மனசு மாறிடுச்சு" என்று காதலனோடு சண்டை போடுவது அநியாயம். மாறியது நாள் கணக்கு மட்டும்தான். போதாக்குறைக்கு, இந்த எமோஜிகளை அவரவர் செட்டிங்ஸில் மாற்றியும் வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு ஹார்ட் வந்து பதறுகிறவர்களுக்கு ஒன்று. சிவப்பு ஹார்ட்டின் குறியீடு U+2764. அதை வண்ணமாகக் காட்டு என்று சொல்ல U+FE0F என்ற கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறியீடு பின்னால் வரவேண்டும். காப்பி பேஸ்ட் செய்யும்போது அது விடுபட்டால், சில இடங்களில் சிவப்பு ஹார்ட் வெறும் கறுப்பு எழுத்தாகத் தெரியும். உண்மையான கறுப்பு ஹார்ட் 🖤 வேறு, அது 2016-இல் வந்த தனி எமோஜி. பளபளப்போ நிழலோ இல்லாமல், சுற்றியுள்ள எழுத்தின் நிறத்திலேயே தட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் வழியில் நிறம் இழந்த சிவப்புதான்.

ஹார்ட்டுக்குப் பதில் வெறும் கட்டம் வந்தாலும் கோபப்படாதீர்கள். இளஞ்சிவப்பு, வெளிர் நீலம், சாம்பல் மூன்றும் 2022-இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. அப்டேட் ஆகாத பழைய போனில் அவை தெரியாது. என்ன நிறம் என்று அனுப்பியவரிடமே கேட்டுவிடலாம்.