தங்கம் ஒரே நாளில் எவ்வளவு விழும்?

“தங்கத்தோட தினசரி விலகல், அதாவது ஒரு நாள் விலை மாற்றம் சராசரியை விட்டு வழக்கமா விலகுற அளவு, 1% தான். அதை 2.33 மடங்காக்கினா, 10 லட்சம் போட்டா ஒரே நாள்ல 23,300 ரூபாய்க்கு மேல போகாது.”

தவறு. 2.33 மடங்கு விலகல் என்ற அந்தக் கணக்கு, நூற்றில் ஒரு நாள் தாண்டப்படும் எல்லை மட்டுமே. தாண்டினால் எவ்வளவு என்று அது சொல்லாது.

2013 ஏப்ரல் 15 அன்று உலகச் சந்தையில் தங்கம் டாலரில் சுமார் 9% விழுந்தது. 10 லட்சத்தில் 90,000 போச்சு! அந்தக் கணக்கு நம்பும் மணிவடிவப் பரவலின்படி, அதாவது பெரும்பாலான நாட்கள் சராசரியை ஒட்டியும் பெரிய மாற்றங்கள் மிக அரிதாகவும் வரும் என்ற வரைவின்படி, பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் காண முடியாத நாள் அது.

ஏற்ற இறக்கம் நிலையானதல்ல என்பதே காரணம். முந்தைய வர்த்தக நாளிலேயே பெருஞ்சரிவு; குறித்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்கும் நஷ்டத் தடுப்பு ஆணைகள் விற்பனையை மேலும் தூண்டின. அமைதியான நாட்களையும் புயல் நாட்களையும் கலந்தால் பரவலின் வால் தடிக்கும்; அதாவது பெருநஷ்ட நாட்கள் மணிவடிவம் சொல்வதைவிட அடிக்கடி வரும். எனவே எல்லை தாண்டிய நாட்களின் சராசரி நஷ்டத்தையும், அண்மை வாரங்களின் விலகலையும் பாருங்கள்.