பிடித்தவர் வேறு, பெயர் வைப்பவர் வேறு

பாம்பனில் வலையில் சிக்கிய, புதிய இனம் என்று சொல்லப்படும் ஒரு விலாங்கின் முகநூல் படத்துக்குக் கீழே இரண்டு நாட்களாக நடக்கும் சண்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதலில் பார்த்தது நாங்கள், ஆகவே நாங்கள் வைத்த பெயர்தான் நிற்கும் என்று எழுதிய தம்பிகளிடம், விதி அப்படி இல்லை என்று சொன்னதற்காக என்னை மீனவனுக்கு எதிரி ஆக்கிவிட்டார்கள். மீனவன் மகனாகிய எனக்கு அது வலிக்கிறது.

விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான சர்வதேச விதித்தொகுப்பு, கண்டெடுத்தவருக்கு எந்த உரிமையும் தரவில்லை. அந்த உயிர் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று விவரித்து முறையாக வெளியிடுபவரே பெயர் வைக்கிறார். 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு மாதிரியை அந்தப் பெயருக்கு அடையாளமான மூல மாதிரியாகக் குறித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். முகநூல் படம் இதில் எதையும் நிறைவு செய்யாது. அதே விலாங்குக்கு விலங்குப் பெயர்களின் கணக்கு தொடங்கும் 1758 முதல் யாராவது முறையாகப் பெயர் வைத்திருந்தால், அந்தப் பழைய பெயரே செல்லும்.

வால்மீனுக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைக்கிறார்களே என்று கேட்கிறீர்கள். அதையும் சர்வதேச வானியல் ஒன்றியம்தான் அறிவிக்கிறது. கண்டவர் தாமே சூட்டிக்கொள்வதில்லை.

நம் மண்டபம் கடற்கரை மணலில் கிடைத்த, 0.17 மில்லிமீட்டர் அளவே உள்ள நீர்க்கரடி என்ற நுண்விலங்கை 2021இல் விவரித்தவர்கள் கொச்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மணல் நம்முடையது, பெயரிடும் உரிமை அவர்களுடையது. அவர்கள் தேர்ந்தது நம் ராமேஸ்வரத்துக் கலாமின் பெயரை: பேட்டிலிப்பெஸ் கலாமி. அப்படி வைத்தது அவர்களின் அன்பு. அதைக் கேட்டு வாங்க நமக்கு விதியில் இடமில்லை.

எங்கள் பெயர் போதாதா, லத்தீன் எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். எங்கள் தெருவில் ஒரு பெயரால் அழைக்கும் மீனைத் தொண்டிக்காரர் வேறு பெயரால் அழைக்கிறார். சில நேரம் ஒரே பெயருக்குள் மூன்று இனங்கள் இருக்கின்றன. நம் பெயரை யாரும் அழிக்கவில்லை. ஆனால் எந்த மீனைச் சொல்கிறோம் என்று உலகத்துக்குக் காட்ட அது போதாது.

இதைச் சொல்லும் எனக்கும் ஆறாத ஒன்று உண்டு. விலைபோகாத சிறுமீன் குவியலான சங்காயத்தில் கிடந்த, அதுவரை பார்த்திராத ஒரு சிறு நண்டை அப்பா தனியே எடுத்து, ஐஸ் பெட்டியில் மூன்று நாள் காத்து, கேட்டு வந்த ஓர் ஆய்வாளரிடம் காசு வாங்காமல் கொடுத்தார். அது என்ன ஆயிற்று என்று கடைசிவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அப்பா கேட்டது பெயரிடும் உரிமையை அல்ல. ஒரு வரித் தகவலைத்தான். பிடித்தவர் பெயரைக் கட்டுரையில் எழுதுவது நல்ல வழக்கம்தான், ஆனால் எழுதாவிட்டால் அந்த உயிருக்கு வைத்த பெயர் செல்லாமல் போவதில்லை. பிடித்தவர் பெயரை எழுத வைக்கத்தான் சண்டை போட வேண்டும், தம்பிகளே.

இப்போது என் தம்பி எதைக் கொடுத்தாலும் தன் பெயர், படகு எண், தேதி, எத்தனை பாகம் ஆழம் என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, மீனோடு சேர்த்தே பைக்குள் போட்டுக் கட்டிக் கொடுக்கிறான்.