இஸ்தான்புல் நிபுணர்களும் விவரம் கூடிய கணிப்பும்

1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் இஸ்தான்புல் நகரில், எதிர்காலத்தைக் கணிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் பன்னாட்டு மாநாடு ஒன்று நடந்தது. தொழில் நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் பணியாற்றிய அந்த நிபுணர்களில் 115 பேரிடம், ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியல் அறிஞர்கள், அடுத்த ஆண்டில் சில நிகழ்வுகள் நடப்பதற்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று எழுதித் தரச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி தரப்படவில்லை. ஒரு பகுதியினர் கையில் கிடைத்த தாளில், “1983இல் எப்போதாவது அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தூதரக உறவை முற்றிலும் துண்டித்துக்கொள்ளும்” என்று இருந்தது. மற்றப் பகுதியினரின் தாளில் அதே வாக்கியத்துக்கு முன்னால் இன்னொரு நிகழ்வும் சேர்க்கப்பட்டிருந்தது: “சோவியத் படைகள் போலந்தின் மீது படையெடுக்கும், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தூதரக உறவை முற்றிலும் துண்டித்துக்கொள்ளும்.”

வெறும் உறவுத் துண்டிப்பை மட்டும் மதிப்பிட்டவர்கள் தந்த எண்களின் பெருக்கல் சராசரி 0.14 விழுக்காடு. படையெடுப்பையும் துண்டிப்பையும் சேர்த்து மதிப்பிட்டவர்கள் தந்தது 0.47 விழுக்காடு. அதாவது, ஒன்று நடந்தால் போதும் என்பதைவிட, இரண்டும் நடந்தாக வேண்டும் என்பதற்கு மூன்று மடங்குக்கும் மேலான வாய்ப்பை, கணிப்பதே பிழைப்பாகக் கொண்டவர்கள் வழங்கினார்கள்.

இது ஏன் இருக்கவே முடியாது என்பதைப் பார்க்கக் கணிதம் அதிகம் தேவையில்லை. 1983ஆம் ஆண்டு எப்படியெல்லாம் போகக்கூடும் என்பதற்கான எல்லா வழிகளையும் ஒரு பட்டியலாக எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். போலந்தில் படை நுழைந்து, அதோடு தூதரக உறவும் அறுந்துபோகிற வழிகளை மட்டும் தனியே பிரித்தெடுத்தால், அவற்றில் ஒவ்வொன்றிலும் தூதரக உறவு அறுந்திருக்கும். ஆகவே அவை அனைத்தும் ‘உறவு அறுந்த வழிகள்’ என்ற பெரிய தொகுப்புக்குள் ஏற்கெனவே அடங்கியவை. அந்தப் பெரிய தொகுப்பிலோ போலந்துக்குத் தொடர்பே இல்லாத வழிகளும் இருக்கும். பகுதி ஒருபோதும் முழுமையைவிடப் பெரிதாகாது. நிபந்தனை ஒன்றைக் கூட்டினால் பொருந்தக்கூடிய வழிகள் குறையலாம், அப்படியே இருக்கலாம், கூட மட்டும் முடியாது. இந்த விதியை மீறுவதைத்தான் இணைப்புப் பிழை என்கிறோம்.

இவ்வளவு எளிய விதியை அவர்கள் அறியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வாக்கியங்களும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்திருந்தால் அவர்களில் பலர் உடனே கண்டுபிடித்திருக்கக்கூடும். ஒரு வாக்கியம் மட்டும் கையில் இருக்கும்போது மனம் என்ன செய்கிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. நடைமுறையில் கணிப்புகள் நம்மிடம் அப்படித்தான், ஒவ்வொன்றாக, ஒப்பிட எதுவும் இல்லாமல் வந்து சேருகின்றன.

அந்தக் காலத்தின் சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. 1981 டிசம்பரில் போலந்தில் ஜெனரல் யாருசெல்ஸ்கி இராணுவச் சட்டத்தை அறிவித்து, சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தை முடக்கியிருந்தார். 1956இல் புடாபெஸ்டிலும் 1968இல் பிராகாவிலும் சோவியத் டாங்கிகள் ஓடியதை நினைவில் வைத்திருந்த எவருக்கும் அடுத்தது வார்சா என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆகவே ‘படையெடுப்பு’ என்ற சொல்லைப் படித்த கணமே மனத்தில் காட்சி ஓடத் தொடங்குகிறது. டாங்கிகள் நுழைகின்றன, வாஷிங்டன் கொதிக்கிறது, தூதர்கள் திருப்பி அழைக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் காரணமாகிறது. எங்கேயும் இடறாமல் முடிவு வரைக்கும் போய்ச் சேர முடிகிறது.

முதல் குழுவினருக்கு அந்த வசதி இல்லை. ‘உறவு துண்டிக்கப்படும்’ என்று மட்டும் படித்தவர், எதனால் என்று தாமே யோசிக்க வேண்டும். அப்படி யோசித்தால் கிடைக்கும் வரலாறு அதற்கு எதிராகவே இருக்கிறது. 1933இல் ஏற்பட்ட அந்தத் தூதரக உறவு, ஹங்கேரியிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் படைகள் புகுந்தபோதும், 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், ஆப்கானிஸ்தானுக்குப் பிறகும் அறுபடவில்லை. ஆகவே அவர் மிகச் சிறிய எண்ணை எழுதுகிறார்.

இங்கே இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. ‘படையெடுத்தால் உறவு அறுபடுமா?’ என்பது ஒன்று. ‘படையெடுத்து, உறவும் அறுபடுமா?’ என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் படையெடுப்பு நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவதில் அதன் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டில் படையெடுப்பு நடப்பதற்கு நூற்றுக்கு 4 வாய்ப்பு என்றும், நடந்தால் உறவு அறுபட நூற்றுக்கு 10 வாய்ப்பு என்றும் கொண்டால், இரண்டும் சேர்ந்து நடக்க 0.4 விழுக்காடுதான் வரும். படையெடுப்பு இல்லாமலேயே வேறு காரணத்தால் உறவு அறுபடும் வாய்ப்பு ஏறத்தாழ 0.1 விழுக்காடு என்றால், உறவு அறுபடுவதற்கான மொத்த வாய்ப்பு 0.5 விழுக்காடு. கதையைக் கேட்டவர் மனத்தில் பெரிதாக நிற்பது அந்த 10. சரியான விடை 0.4. கதையே இல்லாமல் கேட்டவர் எழுத வேண்டியது 0.5, ஆனால் போலந்து வழி அவருக்கு அந்த நேரத்தில் தோன்றாமல் போயிருந்தால், அந்த 0.4 முழுவதும் அவர் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் கவனிப்பதில்லை என்பது என் கருத்து. இணைப்புப் பிழையைப் பற்றிப் பேசும்போது, விவரம் நிறைந்த கதையைக் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்று மட்டுமே சொல்லிவிட்டுப் போகிறோம். எளிய வாக்கியத்தைக் குறைவாக மதிப்பிட்டதும் இதே பிழையின் மறுபாதியாக இருக்கலாம். 0.14, 0.47 என்ற இரு எண்களில் எது உண்மைக்கு அருகில் இருந்தது என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

1983இல் நடந்ததைப் பாருங்கள். போலந்தில் படையெடுப்பு நடக்கவில்லை. அந்த ஜூலையில் இராணுவச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் செப்டம்பர் 1ஆம் தேதி, வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போய்விட்ட தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சக்காலின் தீவுக்கு அருகே சோவியத் போர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் இறந்தார்கள். நவம்பரில் ஜெனீவாவில் நடந்துகொண்டிருந்த ஏவுகணைப் பேச்சுவார்த்தையிலிருந்து சோவியத் தரப்பு வெளியேறியது. உறவு மிக மோசமான நிலைக்குப் போனது, ஆனாலும் அறுபடவில்லை. ஒருவேளை அறுபட்டிருந்தால், அது கேள்வித்தாளில் எழுதியிருந்த வழியில் வந்திருக்காது. எளிய வாக்கியத்துக்குள் இப்படிப்பட்ட, முன்கூட்டி யாருக்கும் தோன்றாத வழிகள் எல்லாம் அடக்கம். விவரமான வாக்கியம் அவை ஒவ்வொன்றையும் விலக்கிவிட்டு, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது. கேட்பவர் விலக்கப்பட்டதைப் பார்ப்பதில்லை, பிடித்துக்கொண்டதை மட்டுமே பார்க்கிறார்.

இதே அறிஞர்கள் 1983இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் லிண்டா என்ற கற்பனைப் பெண்ணைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 31 வயது, திருமணமாகாதவள், கூர்மையான அறிவுடையவள், தத்துவம் படித்தவள், மாணவப் பருவத்தில் சமூக நீதியில் அக்கறை காட்டியவள். அவள் வங்கிக் காசாளர் என்பதைவிட, வங்கிக் காசாளராகவும் பெண்ணிய இயக்கத்தில் ஈடுபட்டவளாகவும் இருப்பதே அதிக வாய்ப்புடையது என்று கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சொன்னார்கள். இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பேச்சு வழக்கில், இரண்டு தெரிவுகளை அடுத்தடுத்து வைத்தால், ‘வங்கிக் காசாளர்’ என்பதைப் ‘பெண்ணியவாதி அல்லாத காசாளர்’ என்று புரிந்துகொள்வது இயல்பே. அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் “பெண்ணிய இயக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வங்கிக் காசாளர்” என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கேட்டபோதும் 57 விழுக்காட்டினர் அதே பிழையைச் செய்தார்கள். இஸ்தான்புல் சோதனையிலோ ஒருவர் கையில் அந்த இரு வாக்கியங்களில் ஒன்றுதான் இருந்தது; ஒப்பிட்டுத் தவறாகப் புரிந்துகொள்ள எதுவுமே இல்லை. அதனால்தான் லிண்டாவைவிட அந்தச் சோதனையை முக்கியமாகக் கருதுகிறேன்.

பிழையைக் குறைக்கும் வழி பற்றியும் அந்தக் கட்டுரையில் ஒரு தடயம் இருக்கிறது. ஓர் உடல்நல ஆய்வில் கலந்துகொண்ட ஆண்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு மாரடைப்பு வந்திருக்கும், எத்தனை விழுக்காட்டினர் 55 வயதைக் கடந்தும் மாரடைப்பு வந்தும் இருப்பார்கள் என்று கேட்டபோது, 65 விழுக்காட்டினர் இரண்டாவதற்குக் கூடுதல் எண்ணைத் தந்தார்கள். அதையே ‘100 பேரில் எத்தனை பேர்’ என்று மாற்றிக் கேட்டவுடன் பிழை 25 விழுக்காடாகக் குறைந்தது. விழுக்காடு என்றால் மனம் பொருத்தத்தைப் பார்க்கிறது. நூறு மனிதர்கள் என்றால் தலைகளை எண்ணத் தொடங்குகிறது, எண்ணும்போது ஒரு கூட்டத்துக்குள் இன்னொரு கூட்டம் அடங்கியிருப்பது கண்ணில் படுகிறது.

ஆனால் ஒரே ஒரு முறை நடக்கப்போகிற நிகழ்வுக்கு எண்ணுவதற்கு நூறு தலைகள் கிடையாது. அங்கே நான் பரிந்துரைப்பது வேறு. தொலைக்காட்சியில் ஒருவர், இந்தக் கட்சி உடையும், அதனால் கூட்டணி மாறும், அதனால் ஆட்சி கவிழும் என்று அடுக்கிச் சொன்னால், அவர் சொன்ன கடைசி முடிவை மட்டும் எடுத்து, மற்றவற்றை மறைத்துவிட்டு, ‘ஆட்சி கவிழும்’ என்பதற்கு நாம் எவ்வளவு வாய்ப்புத் தருவோம் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அவருடைய முழுக் கதைக்கு அந்த எண்ணுக்கு மேல் தர முடியாது. கதையைக் கேட்டபின் அந்த எண் குறைவு என்று தோன்றினால், அவர் நாம் மறந்திருந்த ஒரு வழியைக் காட்டியிருக்கலாம். அப்போது எளிய முடிவின் எண்ணை உயர்த்துவது முறையே. பிறகு அவருடைய கதையில் எத்தனை படிகள் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையவை நடந்த நிலையில் நூற்றுக்கு 80 வாய்ப்புள்ளது என்று தாராளமாகக் கொடுத்தாலும், ஐந்து படிகள் முடியும்போது மிஞ்சுவது நூற்றுக்கு ஏறத்தாழ 33தான்.

இதைச் சொல்லும்போது ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். விபத்தை நேரில் பார்த்த சாட்சி, லாரியின் நிறம், அது திரும்பிய பக்கம், மழை பெய்துகொண்டிருந்தது என்று விவரமாகச் சொன்னால், அவரை நாம் கூடுதலாக நம்புவது பிழையாகாது. அங்கே நாம் எடைபோடுவது, அவர் அந்த இடத்தில் இருந்தாரா என்பதை. விவரங்கள் அதற்குச் சான்றாகலாம், அவற்றைச் சரிபார்க்கவும் முடியும். இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிச் சொல்பவர் அடுக்கும் விவரங்களுக்கு அந்தத் தகுதி கிடையாது, ஏனென்றால் அவர் அதைப் பார்த்துவிட்டு வரவில்லை. அவர் சேர்க்கும் ஒவ்வொரு விவரமும், அவருடைய கணிப்பு பொய்த்துப்போக இன்னொரு இடத்தைத் திறக்கிறது.