எரிச்சல் எப்போது வருகிறது?

"சாப்பிட்டதும் நெஞ்சு எரியுது. ஆன்டாசிட் குடிச்சா அடங்குது. அப்போ கேஸ்தானே?"

மருந்தில் அடங்கியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதய வலியும் சில நிமிடங்களில் தானாக அடங்கலாம். படுத்தால், குனிந்தால் எரிச்சல் கூடி, புளித்த நீர் தொண்டைக்கு ஏறினால் பெரும்பாலும் அமிலம்தான். எங்கள் முகாமுக்கு வந்த சர்க்கரை நோயாளி ஒருவருக்குச் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறும்போது மட்டும் எரியும். நின்றால் 5 நிமிடத்தில் போய்விடும். வயிறு நிறைந்த நேரத்தில் நடந்தால் இதயத்துக்கு வேலை கூடுகிறது, பழி சாப்பாட்டின் மேல் விழுகிறது. ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாகவே இருந்தது. அப்புறம் டிரெட்மில் சோதனைதான் இதயத்தைக் காட்டிக்கொடுத்தது. ஓய்வெடுத்தும் 15 நிமிடம் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.