ஸ்பான்சர் காதுக்குப் போகாத ரிஸ்க்

1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் கிளம்பி வெடித்துச் சிதறி ஏழு பேரைப் பலிகொண்ட சேலஞ்சர் விண்கலம் பற்றி நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டத்தை ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எல்லாரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பேன். பூஸ்டர் ராக்கெட் செய்த தயோகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவவேண்டாம், ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்றார்கள். நாசாவின் மார்ஷல் மையத்து அதிகாரிகள் அதை மறுத்தார்கள். தயோகோல் நிர்வாகம் தனியாகப் பேசிவிட்டு வந்து, சரி, ஏவலாம் என்றது.

அதே இரவு அந்த மார்ஷல் அதிகாரிகள் மேல்மட்டத்தில் இருந்த நாசாவின் விண்கலத் திட்ட மேலாளர் ஆல்ட்ரிச்சோடும் பேசினார்கள். பூஸ்டரை மீட்கும் கப்பல்கள் கொந்தளிப்பில் கரை நோக்கி வருகின்றன, பாராசூட்டுகளை இழக்க நேரலாம் என்று சொன்னார்கள். வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! காசுக்கு ஆபத்து என்பது மேலே போனது. ஏழு உயிருக்கு ஆபத்து என்பது போகவில்லை.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஏவுதல் விதிகளில் வெளிவெப்பத்துக்குக் கீழ்வரம்பு 31 டிகிரி. 53 என்பது பொறியாளர்கள் சொன்ன எண், எழுதிவைத்த வரம்பு அல்ல. விதி மீறப்படவில்லை, தயோகோலும் சம்மதித்துவிட்டது, ஆகவே விஷயம் தங்கள் மட்டத்திலேயே முடிந்தது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊர் ப்ராஜெக்டுகளிலும் இதே ஓட்டை இருக்கிறது. 2 கோடி ரூபாய் பட்ஜெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம், அதாவது 10 லட்சத்துக்கு மேல் போகும் ரிஸ்க்கை மட்டும் என்னிடம் கொண்டுவாருங்கள் என்கிறார், ப்ராஜெக்டுக்குப் பணம் கொடுக்கும் ஸ்பான்சர். பழைய சிஸ்டத்திலிருந்து மாற்றும்போது வாடிக்கையாளர் தரவு அழிய 10 சதவீத வாய்ப்பு. அழிந்தால் 80 லட்சம் நஷ்டம். வாய்ப்பையும் நஷ்டத்தையும் பெருக்கினால் 8 லட்சம். வரம்புக்குள்தான் இருக்கிறது, ரிஜிஸ்டரில் மஞ்சள் நிறம் அடித்து மூடிவிடுவோம். நிஜத்தில் 8 லட்சம் நஷ்டம் என்று ஒன்று வரவே வராது. ஒன்றும் ஆகாது, இல்லையென்றால் 80 லட்சம் போகும். அதைத் தாங்கும் பணம் மேனேஜர் கையில் இல்லை.

அதனால் பெருக்கல் கணக்குக்கு ஒரு வரம்பு, வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதிப்பை மட்டும் பார்க்கும் இன்னொரு வரம்பு என இரண்டு வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், எந்த விஷயத்தில் எவ்வளவு ரிஸ்க் எடுக்கத் தயார் என்று ஸ்பான்சர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். தாமதம் ஒரு மாதம் பரவாயில்லை, தரவு ஒரு வரிகூடப் போகக்கூடாது என்று அவர் சொன்னால், தரவு ரிஸ்க் எல்லாமே நேராக அவர் மேஜைக்குத்தான்.

எல்லாவற்றையும் அனுப்பினால் அவர் எதையும் படிக்கமாட்டார் என்பீர்கள். உண்மைதான். அதற்காகத்தான் தாமதத்துக்கான வரம்பைக் கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொல்கிறேன்.