விலையை அனுப்பினால் போதுமா?

காலை 10 மணிக்கு எங்கள் நகைக்கடையின் தலைமை அலுவலகம் அன்றைய 916 தங்க விலையை அனுப்பும். எல்லாக் கிளைகளின் பில் மென்பொருளிலும் அது தானாகவே மாறிவிடும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கிளையில் பில் போட உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்து இதைச் சொல்லுங்கள்.

ஒரு நாள் இரவோடு இரவாக நியூயார்க்கில் தங்கம் ஏறியிருந்தது. காலையில் கிராமுக்கு 4 வெள்ளி கூட்டினார்கள். சுவர்ப் பலகையில் புதிய விலை. பக்கத்துக் கணினியிலும் புதிய விலை. என் கணினி மட்டும் முந்தைய நாள் விலையிலேயே நின்றது. காரணம், அந்த மென்பொருள் திறக்கப்படும் நேரத்தில் மட்டுமே விலையைப் படித்துக்கொள்ளும். இரவுக் கணக்கு ஓட வேண்டும், அதனால் இந்தக் கணினியை மூடவே கூடாது என்று உத்தரவிட்டது யார்? அதே தலைமை அலுவலகம்!

ஓர் அம்மா 40 கிராம் சங்கிலி வாங்கினார். செய்கூலியை விட்டுவிடுங்கள், தங்கத்தில் மட்டும் 160 வெள்ளி குறைந்தது. 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்தால் 174 வெள்ளி 40 காசு. மாலையில் கணக்கு பார்க்கும்போதுதான் தெரிந்தது. உடனே தொலைபேசி அலறுகிறது: “பலகையைப் பார்த்து பில் போடத் தெரியாதா?” விலையைக் கையால் மாற்றும் அனுமதியே எங்களுக்குக் கிடையாது, ஐயா!

விலை இறங்கும் நாளில் கதை தலைகீழ். பழைய விலையில் பில் வந்தால் நட்டம் வாடிக்கையாளருக்கு. பலகையைக் காட்டி அவர் சத்தம் போடுவார், அது நியாயம்தான். அந்த பில்லை ரத்து செய்ய மேலாளர் வர வேண்டும், புது பில் போட வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

அலுவலகத்தைக் கேட்டால், “எங்கள் திரையில் எல்லாக் கிளைக்கும் பச்சை காட்டுகிறது” என்கிறார்கள். அந்தப் பச்சை, விலை கிளையின் சர்வர் வரை வந்ததைத்தான் சொல்கிறது. கடைசிக் கணினி அதை எடுத்துக்கொண்டதா என்று பார்ப்பார் இல்லை. ஒவ்வொரு விலையோடும் தேதி வருகிறது. பில் போடும் முன் அந்தத் தேதி இன்றையதுதானா என்று மென்பொருள் ஒருமுறை பார்த்து, இல்லையென்றால் பில்லை நிறுத்தினால் என்ன? பத்து நிமிடம் கடை நின்றாலும் பரவாயில்லை, தவறான பில் போகாது. அதற்கு மாறாக, பழைய விலையை வாய் திறக்காமல் போட்டுக்கொண்டே போகிறது.

இத்தனைக்கும் அவர்கள் கண்ட தீர்வு என்ன தெரியுமா? ‘தினமும் காலையில் விலையைச் சரிபார்க்கவும்’ என்று அச்சிட்ட ஓர் அட்டை. அதுவும் என் திரையில் விலை தெரியும் மூலையை மறைத்து ஒட்டியிருக்கிறார்கள்.